பரு போனாலும் போகாத கறுப்பு: அசெலாயிக்கா, ட்ரானெக்சாமிக்கா?

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளர் நான். இப்போதெல்லாம் இளம்பெண்களும் பையன்களும் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டி, "அக்கா, இந்த ரெண்டுல எது வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். ஒன்று அசெலாயிக் ஆசிட் க்ரீம், இன்னொன்று ட்ரானெக்சாமிக் ஆசிட் சீரம். பரு ஆறிவிட்டது, அது இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் கேட்கிறார்கள். கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிறத் தோலில் பரு விட்டுப்போன கறுப்புக்கு, பரு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது என்றால், அசெலாயிக்கில்தான் தொடங்க வேண்டும். ட்ரானெக்சாமிக் நல்ல மருந்து, ஆனால் அதன் முறை பிறகு வருகிறது. சிலருக்கு மட்டும் அது முதலில் வரும். ஏன் என்று புரிய, முதலில் அந்தக் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பரு என்பது தோலுக்குள் நடக்கும் ஓர் அழற்சி. சீழ், வீக்கம், சூடு எல்லாம் சேர்ந்த அந்தக் களேபரத்தில் உடல் சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை பக்கத்தில் இருக்கும் நிறமி செல்களைத் தூண்டிவிடுகின்றன. நம் மாநிறத் தோலில் நிறமி செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலில் இருப்பதைவிட அதிகம் இல்லை. ஆனால் அவை சுறுசுறுப்பானவை, சின்னத் தூண்டலுக்கே மெலனினைக் கொட்டும். அதனால்தான் ஒரே அளவு பரு வெள்ளைத் தோலில் சிவப்பாக நின்று போகிறது, நமக்குக் கறுப்பாகத் தங்குகிறது.

அந்த மெலனின் மேல்தோலிலேயே நின்றால் தடம் பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் இது சில மாதங்களில் மங்கக்கூடியது, க்ரீமுக்கும் கட்டுப்படும். அழற்சி ஆழமாக இருந்து, மேல்தோலின் அடித்தளம் சேதப்பட்டால், மெலனின் கீழே உள்தோலுக்குள் சொட்டிவிடும். அங்கே இருக்கும் துப்புரவு செல்கள் அதை விழுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்தத் தடம் சாம்பல் அல்லது நீலச்சாம்பல் சாயலில் இருக்கும். மங்க வருடங்கள் ஆகலாம். மேலே தடவும் எந்த க்ரீமும் அந்த ஆழத்தில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கட்டிக்கட்டியாக வலிக்கும் பருக்களும், கிள்ளிப் பிதுக்கிய பருக்களும்தான் பெரும்பாலும் இந்த வகையை விட்டுப் போகின்றன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது கறுப்பே இல்லை. பரு ஆறியபின் அந்த இடத்துச் சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்தபடியே நின்றுவிடுவதால் வரும் சிவப்பு. வெள்ளைத் தோலில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் தோலில் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகத் தெரிவதால் நாம் அதையும் கறுப்பு என்றே நினைத்துவிடுகிறோம். இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் நின்று, சுத்தமான கண்ணாடித் துண்டையோ அடிப்பகுதி வழவழப்பான கண்ணாடி டம்ளரையோ தடத்தின் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நிறம் வெளுத்துப் போனால் அது ரத்தக்குழாய்ச் சிவப்பு. அழுத்தியும் நிறம் அப்படியே நின்றால் அது மெலனின். பலருக்கு ஒரே கன்னத்தில் இரண்டும் இருக்கும். கூடவே பள்ளம் விழுந்திருந்தால், அதாவது வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது நிழல் விழுந்தால், அது தழும்பு. குழிக்கு இந்த இரண்டு க்ரீமும் மருந்தில்லை. அதற்குத் தோல் மருத்துவரிடம் வேறு வகைச் சிகிச்சைகள் உண்டு.

இப்போது மருந்துகளுக்கு வருகிறேன்.

அசெலாயிக் ஆசிட்டின் கதை தேமலில் தொடங்குகிறது. தேமல் வந்த இடம் வெளுத்துப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேமலை உண்டாக்கும் பூஞ்சை அசெலாயிக் ஆசிட்டை உருவாக்கும் திறன் உள்ளது என்றும், நிறமி உற்பத்திக்குத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அந்த ஆசிட் தடுக்கிறது என்றும் 1970களில் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அங்கிருந்துதான் இது நிறத்துக்கான மருந்தாக யோசிக்கப்பட்டது. பிறகு இது பருவையும் குறைப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் 20 சதவீத க்ரீமுக்கு அனுமதி கிடைத்ததே பருவுக்கான மருந்தாகத்தான். கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலும் இது சிறிதளவு இருக்கிறது. அதற்காகக் கோதுமை மாவைக் குழைத்து முகத்தில் பூசினால் பலன் கிடைக்காது. க்ரீமில் இருக்கும் அளவு முற்றிலும் வேறு.

இந்த மருந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் பாகுபாடு. வரம்பு மீறி வேலை செய்யும் நிறமி செல்களைத்தான் இது அதிகம் பாதிக்கிறது. சாதாரணமாக இயங்கும் செல்களை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. அதனால் கறுப்புத் தடம் மங்கும், சுற்றியிருக்கும் உங்கள் சொந்த நிறம் அப்படியே இருக்கும். "இதப் போட்டா கலர் ஆவேனா?" என்று கேட்பவர்களிடம் ஆக மாட்டீர்கள் என்றுதான் சொல்வேன், அது இந்த மருந்தின் சிறப்பு என்றும் சொல்வேன். மாநிறம் ஒரு நோயில்லை, குணப்படுத்த வேண்டியதும் இல்லை. நாம் பேசுவது பரு விட்டுப்போன தடத்தைப் பற்றி மட்டும்தான்.

இன்னொரு பக்கம், அசெலாயிக் பருவின் மூலத்தையே தொடுகிறது. பருவில் பங்குள்ள பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துகிறது, துளைகளை அடைக்கும் செதில்களைக் குறைக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது. பழைய தடம் மங்கும் அதே நேரத்தில் புதிய தடத்துக்கான காரணமும் குறைகிறது. இந்த இரட்டை வேலைதான் என் தீர்ப்புக்கு அடிப்படை.

ட்ரானெக்சாமிக் ஆசிட்டின் பிறப்பு வேறு. 1962ல் ஜப்பானைச் சேர்ந்த உட்டாக்கோ ஒகமோட்டோ, ஷோசுக்கே ஒகமோட்டோ தம்பதி ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களில் பலர் இதை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கியிருப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கிலும் உயிர் காக்கும் மருந்து இது. நிறத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தற்செயலாகத்தான் தெரிந்தது. 1979ல் ஜப்பானில், நாள்பட்ட தோல் தடிப்புக்காக இதை எடுத்துக்கொண்ட ஒரு நோயாளியின் மங்கு மங்கிப்போனதை மருத்துவர் கவனித்தார்.

வேலை செய்யும் விதமும் வேறு. வெயில் படும்போது தோல் செல்கள் பிளாஸ்மின் என்ற நொதியைத் தூண்டுகின்றன. அது அழற்சிப் பொருள்களைக் கிளப்பி, நிறமி செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது. ட்ரானெக்சாமிக் அந்தச் செய்தியை வழியிலேயே மறிக்கிறது. புதிதாக ரத்தக்குழாய்கள் முளைப்பதையும் ஓரளவு குறைக்கிறது. மங்கு என்ற நோயில் வெயிலும் ரத்தக்குழாய்களும் பெரும் பங்கு வகிப்பதால், அங்கே இதற்கு நல்ல பெயர் இருக்கிறது. ட்ரானெக்சாமிக் பற்றி நீங்கள் படிக்கும் நல்ல செய்திகளில் பெரும்பகுதி மங்கைப் பற்றியது, பருத் தடத்தைப் பற்றியது அல்ல. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அந்த ஆய்வுகளிலும் பல, மாத்திரையையோ ஊசியையோ வைத்துச் செய்யப்பட்டவை. தண்ணீரில் எளிதில் கரையும் மூலக்கூறு என்பதால் தோலின் எண்ணெய்ப்பசை நிறைந்த மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவது இதற்குச் சிரமம். அதனால் மாத்திரையின் பலனைச் சீரத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

பருவை நிறுத்த இதற்குத் திறன் கிடையாது. ஆனால் இதற்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. எரியாது. மேலே பூசும் 2 முதல் 5 சதவீத ட்ரானெக்சாமிக்கால் எரிச்சல்பட்டவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மாநிறத் தோலில் எரிச்சலே அடுத்த கறுப்புக்குக் காரணமாகிவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. பரு விட்டுப்போன தடங்களுக்கு 20 சதவீத அசெலாயிக் க்ரீமையும் 5 சதவீத ட்ரானெக்சாமிக் கரைசலையும் ஒப்பிட்டு ஈரானில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2023ல் வெளியானது. இரண்டிலும் தடங்கள் மங்கின, பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, ட்ரானெக்சாமிக்கில் எரிச்சல் குறைவு. அப்படியானால் ட்ரானெக்சாமிக்கிலேயே தொடங்கலாமே என்று கேட்பீர்கள். தடத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கவுண்டருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முகத்தில் தடமும் இருக்கிறது, நேற்று வந்த பருவும் இருக்கிறது.

என் அக்கா மகளையே எடுத்துக்கொள்கிறேன், அவள் அனுமதியோடு. கோவையில் வேலை. மாநிறம். இரண்டு கன்னங்களிலும் தாடை ஓரத்திலும் தடங்கள், மாதவிடாய்க்கு முன்னால் தாடையில் இரண்டு மூன்று புதுப் பருக்கள். மூன்று மாதமாக ஒரு ட்ரானெக்சாமிக் சீரத்தை ஒழுங்காகப் போட்டிருக்கிறாள்.

"சித்தி, ஒரு வித்தியாசமும் இல்ல. காசுதான் போச்சு."

"போட்டோ எடுத்து வச்சிருக்கியாடி?"

இருந்தது. வைத்துப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு முந்தைய படத்தில் இருந்த தடங்கள் உண்மையில் கொஞ்சம் மங்கித்தான் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் புதுசாக அதே எண்ணிக்கையில் தடங்கள் வந்திருந்தன. சீரம் தன் வேலையைச் செய்திருக்கிறது, பரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும் அவளுக்கு மொத்தக் கணக்கு மாறவில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி அதிகமாக முளைக்கிறதா என்று கேட்டேன். அவை இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும், க்ரீம் மட்டும் போதாது. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. டம்ளர் வைத்து அழுத்திப் பார்த்ததில் இரண்டு தடங்கள் வெளுத்தன, மற்றவை அப்படியே நின்றன. தாடையில் இருந்த இரண்டு மட்டும் சாம்பல் சாயல். அவள் பிதுக்கிய பருக்கள் அவை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு 10 சதவீத அசெலாயிக்கில் தொடங்கி, தோல் பழகியதும் 20க்குப் போகச் சொன்னார்.

போட்ட முறை இதுதான். இரவு மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, முகம் முழுக்கக் காய்ந்த பிறகு, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து. ஈர முகத்தில் போட்டால் மருந்து வேகமாக உள்ளே போய் எரியும். முதலில் மெல்லிய மாய்ச்சரைசர், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு அசெலாயிக். புள்ளி புள்ளியாகக் கறையின் மேல் மட்டும் வைக்கவில்லை. பரு வரும் கன்னம், தாடை முழுவதும் மெல்லிசாகப் பரப்பினாள். புதுப் பரு எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாதல்லவா. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் இரவு.

போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குறுகுறுப்பு வரும். சிறு எறும்பு ஊர்வதுபோல இருக்கும், சிலருக்குச் சுருக்கென்று குத்தும். இருபது முப்பது நிமிடத்தில் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் அதுவும் குறைந்துவிடும். காலையில் எழுந்த பிறகும் எரிந்தால், மாய்ச்சரைசர் போட்டாலே எரிந்தால், மூக்கோரமும் வாயோரமும் செதில் உரிந்தால், அது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் இல்லை. தோல் புண்பட்டிருக்கிறது. நம் நிறத்தில் புண்பட்ட தோல் அடுத்து செய்யப்போவது கறுப்பது.

அவளுக்கும் அது நடந்தது. ஐந்தாவது வாரத்தில் 20 சதவீதத்துக்கு மாறிய கையோடு, சீக்கிரம் போகட்டும் என்று காலையிலும் இரவிலும் போட ஆரம்பித்துவிட்டாள். நாலாம் நாள் வீடியோ காலில் வந்தபோது வாயோரத்தில் உரிந்து, பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். வெறும் ஃபேஸ்வாஷ், மாய்ச்சரைசர், சன்ஸ்க்ரீன். எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு 20 சதவீதத்தை மறுபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கினாள், வாயோரத்தில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டு. பிறகு பிரச்சினை வரவில்லை. அந்த வளையம் போகத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

எட்டாவது வாரத்தில் மாதவிடாய்க்கு முந்தைய பருக்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. தடத்தில் வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் நாலாவது வாரத்திலேயே டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டாவது வாரப் படத்தில் புதிய பழுப்புத் தடங்கள் பெரும்பாலும் போயிருந்தன, பழையவை பாதிக்கு மேல் மங்கியிருந்தன. அப்போதுதான் பீரோவில் கிடந்த அதே ட்ரானெக்சாமிக் சீரத்தைக் காலையில் போடச் சொன்னேன். இரவு அசெலாயிக், காலை ட்ரானெக்சாமிக், அதன் மேல் சன்ஸ்க்ரீன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. புதுப் பரு நின்றுவிட்ட முகத்தில் அந்தச் சீரத்தின் பலன் இந்த முறை தெரிந்தது. ஐந்து மாதம் முடியும்போது பழுப்புத் தடங்களைத் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன. டம்ளரில் வெளுத்த இரண்டும் போய்விட்டன. தாடையில் இருந்த சாம்பல் நிறம் இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அவை உள்தோலில் இருப்பவை, பொறுத்திருக்கலாம், வேண்டுமானால் பிறகு பீல் செய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். அவள் பொறுத்திருக்கிறாள்.

போட்டோ விஷயத்தில் ஒன்று. மாதம் ஒரு முறை, ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது.

சன்ஸ்க்ரீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது. நம் நிறத்துக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் எதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது, அந்தக் கறுப்பு நீண்ட நாள் தங்குகிறது என்று 2010ல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளைத் தோலில் அதே வெளிச்சம் அப்படிச் செய்யவில்லை. வழக்கமான சன்ஸ்க்ரீன்கள் அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்க்ரீன் தடுக்கும். வாங்கும்போது பொருள்கள் பட்டியலில் அயர்ன் ஆக்ஸைடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு, மூடிய கண்ணாடியும் முழுப் பாதுகாப்பு இல்லை. கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். வெயிலோடு ஒப்பிட்டால் அது மிகமிகக் குறைவு.

அசெலாயிக்குக்கு மேல் சன்ஸ்க்ரீன் போடும்போது திரிதிரியாக உருண்டு வருகிறது என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அசெலாயிக் எளிதில் கரையாத பொருள். அதனால் சில க்ரீம்களை சிலிகான் அடித்தளத்தில் கலக்கிறார்கள், அவைதான் அப்படி உருளும். அளவைக் குறையுங்கள், தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள், அதுவும் சரிப்படவில்லை என்றால் இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரானெக்சாமிக் முதலில் வர வேண்டியவர்கள் யார் என்று சொன்னேனா? பரு நின்று பல மாதம் ஆகி, தடம் மட்டும் மிச்சம் இருப்பவர்கள். பருத் தடத்தோடு கன்னத்தில் மங்கும் சேர்ந்து இருப்பவர்கள். 10 சதவீத அசெலாயிக்கையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டும் தாங்க முடியாதவர்கள். இவர்கள் 3 முதல் 5 சதவீதச் சீரத்தைக் காலை, இரவு என்று மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும், மருத்துவர்கள் பொதுவாகத் தயங்காமல் தரும் சில பரு மருந்துகளில் அசெலாயிக் ஒன்று. ஆனாலும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. சீரம் போதவில்லை என்று ட்ரானெக்சாமிக் மாத்திரையைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய்க்கு மூன்று நான்கு நாள் விழுங்குவது வேறு, நிறத்துக்காக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் காக்கும் மருந்து அது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புகைப்பவர்கள், தனக்கோ வீட்டில் ரத்த உறவுகளுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், இவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் கேட்டு எழுதிக் கொடுக்காமல் நான் அதைத் தருவதில்லை. மேலே தடவும் சீரத்தில் ரத்தத்துக்குள் போகும் அளவு மிகக் குறைவு என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று, மூன்று மருந்து கலந்த க்ரீம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று டியூபின் காலி உறையோடு வருவார்கள். உறையைத் திருப்பிப் படித்தால் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின், அவற்றோடு மோமெட்டாசோன் அல்லது ஃப்ளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டாசோல் என்று இருந்தாலும் அவையும் ஸ்டீராய்டுதான். அந்த முதல் வாரப் பளிச்சுக்கு ஸ்டீராய்டுதான் பெரும் காரணம். மருத்துவர் கண்காணிப்பில் குறிப்பிட்ட வாரங்கள் போட வேண்டியதை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும், கொத்துக் கொத்தாகப் பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். இந்தியாவில் முகம் இப்படிக் கெட்டவர்கள் அத்தனை பேர் வந்ததால்தான் தோல் மருத்துவர்கள் இதற்கென்று தனிப் பெயரே வைத்தார்கள். 2018ல் மத்திய அரசும் பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, முதலில் இருந்ததைவிடப் பெரிய கறுப்பு வரும்.

ஆக, கடைக்குப் போகும் முன் கண்ணாடி டம்ளரை எடுத்து ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பரு இன்னும் வருகிறது, தடம் பழுப்பு என்றால் 10 சதவீத அசெலாயிக், இரவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பகலில் டின்டட் சன்ஸ்க்ரீன். மூன்று மாதம் கொடுங்கள். வலிக்கும் கட்டிப் பருக்கள் இருந்தால், குழி விழுகிறது என்றால், க்ரீமில் நேரத்தைப் போக்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள், ஏனென்றால் அந்த ஒவ்வொரு கட்டியும் க்ரீமுக்கு எட்டாத ஆழத்தில் தடம் விடக்கூடியது. இப்போது எந்த டியூபைப் போட்டுக்கொண்டிருந்தாலும் அதன் பின்பக்கம் இருக்கும் பெயர்களை இன்றைக்கே படியுங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர் ஏதாவது இருந்து, பல வாரமாகப் போட்டுவருகிறீர்கள் என்றால், சட்டென்று நிறுத்தாதீர்கள். அந்த டியூபை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.